சொக்குப்பொடி போட்ட எதுகை

காங்கேயம் பக்கம் ஒரு சின்ன ஊரில் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு, தெரிந்த நண்பர் சொன்னதற்காக, கடைப் பெயருக்குக் கீழே போட ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "நாலே வார்த்தைங்க. எதுகை மோனையோட இருக்கோணும். ஒருக்கா படிச்சா மனசுல ஒட்டிக்கோணும்" என்று அவர் ஃபோனில் கேட்டது அவ்வளவுதான். நானும் கடையைப் போய்ப் பார்க்காமலே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். 'செக்கு எண்ணெய், சொக்கும் சுவை.' எழுதியதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. செக்கு, சொக்கும்: இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'க்'. முதலெழுத்து இரண்டும் குறில். ஆக, எதுகை சுத்தம். சொக்கும், சுவை: 'சொ'வுக்கு 'சு' மோனை இனம். ஆக, மோனையும் சுத்தம். யாப்பு சொல்லிக் கொடுத்த தமிழய்யா இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். வரி ஃப்ளெக்ஸில் ஏறி, கடை வாசலில் தொங்கியது.

பத்து நாள் கழித்து மீதிப் பணம் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, தூக்குச் சட்டியோடு ஓர் ஆத்தா வந்தார். கடலை எண்ணெய் அரை லிட்டர் கேட்டார். கடைக்காரர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணாந்து பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏஞ்சாமி, சொக்கும்னு போட்டிருக்குதே, எண்ணெயில சொக்குப்பொடி ஏதாச்சும் கலக்குறீங்களா?" என்றார். கேலியா, நிஜமான சந்தேகமா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஆத்தா, இவருதான் எழுதுனாரு" என்று என்னைக் காட்டினார். ஆத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்கு மூடியைத் திறந்து எண்ணெயை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அந்தக் கடையில் எத்தனை முறை எண்ணெய் வாங்கியிருப்பாரோ, அன்றைக்குத்தான் முகர்ந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது.

அந்தக் கடைக்கு இருக்கிற ஒரே முதல், எண்ணெயில் எதையும் கலப்பதில்லை என்ற பேர். அதை நம்பித்தான் பாக்கெட் எண்ணெயைவிடக் கூடுதல் விலை கொடுத்து ஊர்ச்சனம் வாங்குகிறது. அந்த வாசலில் போய், மயக்கத்தையும் பொடியையும் நினைவூட்டும் ஒரு சொல்லை நான் தொங்கவிட்டிருக்கிறேன். அழகில் சொக்கலாம், பாட்டில் சொக்கலாம், தூக்கத்தில் கண் சொக்கலாம். எண்ணெயில் எதற்குச் சொக்க வேண்டும்? எண்ணெய்க்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'செக்கு' கூப்பிட்டது, 'சொக்கு' வந்து நின்றது, அவ்வளவுதான்.

தலையில் இருப்பது வேர்

வீட்டுக்கு வந்த பிறகும் இது மனதை விட்டுப் போகவில்லை. இலக்கணம் மீறியிருந்தால் தப்பைத் திருத்திக்கொண்டு போய்விடலாம். இலக்கணப்படி குறையே இல்லாத வரி எப்படிப் பொருளை இப்படிக் கவிழ்த்தது என்பதுதான் உறுத்தல்.

தமிழில் சொல்லின் வால் முழுக்க விகுதியும் வேற்றுமை உருபும்தான். -ஓம், -உம், -இல், -கள் என்று எதை எடுத்தாலும் ஆயிரம் சொற்கள் ஒரே மாதிரி முடியும். 'உழைப்போம், உயர்வோம், சிரிப்போம், சிறப்போம்' என்று விடிய விடிய எழுதிக்கொண்டே போகலாம். அப்படிக் கிடைக்கும் இயைபு இனாமாகக் கிடைப்பது. அதனால்தான் காது அதற்குப் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை. 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்ற பழைய அரசு வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்போமும் பெறுவோமும் ஒன்றுபோல முடிவதால் அது நினைவில் நிற்கவில்லை. மரம், மழை என்ற இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்ப்பதால்தான் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காரணகாரியமும் இருக்கிறது. மரத்தையும் மழையையும் யாரும் ஒலிக்காகக் கூட்டி வரவில்லை. அவை முன்பே உறவுக்காரர்கள்.

எதுகையும் மோனையும் சொல்லின் தலையில் உட்காருவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. வால் விகுதி என்றால் தலை வேர். வேரில்தான் பொருள் இருக்கிறது. ஆகவே தமிழில் ஒலிக்காக ஒரு சொல்லை மாற்றினால், நேராகப் பொருளின் மடியிலேயே கை வைக்கிறோம். வெளியூர் விளம்பர நிறுவனங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கடைசிச் சொல்லில் ஒலி பொருந்தும் வரியை அனுப்பி, 'தமிழ்லயும் இதே மாதிரி எண்டுல ரைமிங் வேணும்' என்று கேட்கும்போது நாம் விகுதிகளை வரிசையாக அடுக்கி அனுப்பிவிடுகிறோம். ரைமிங் இருக்கும், வரி இருக்காது.

மோனையிலும் இப்படி ஒரு நழுவல் உண்டு. 'கலை' என்றால் 'கொலு', 'சேலை' என்றால் 'சொர்க்கம்' என்று மெய்யெழுத்து ஒன்றாக இருந்தால் போதும் என்று எழுதிவிடுகிறோம். பழைய கணக்கு அப்படி இல்லை. மெய்யும் ஒன்றவேண்டும், அதன்மேல் ஏறிய உயிரும் உறவாக இருக்கவேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி' என்ற பழமொழியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பாதி முழுக்க க, க, க. இரண்டாம் பாதியில் கூ, கு, கு. வாய் திறக்கும் விதம்கூட மாறுவதில்லை. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று திராவிட இயக்க மேடைகளில் முழங்கியதும் அதே கணக்குத்தான்: வ, வா, தெ, தே. (ச-த, ஞ-ந, ம-வ இவையும் மோனை இனம் என்று இலக்கணம் சலுகை தருகிறது. செய்யுளில் சரி. கடைப் பலகையில் 'ம'வுக்கு 'வ' போட்டால் இன்றைய காதில் அது மோனையாக விழுவதில்லை. நான் அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதை விட்டுப் பல நாளாகிறது.)

அந்தப் பழமொழியில் இன்னொன்றும் இருக்கிறது. 'கசக்கி' என்பது மோனைக்காக வந்து சேர்ந்த சொல்போலத்தான் தோன்றும். சாதாரணமாகச் சொன்னால் 'துவைத்து உடுத்து' என்றுதான் சொல்வோம். ஆனால் கந்தையைக் கல்லில் அடித்துத் துவைத்தால் கிழிந்துபோகும். கையால் கசக்கத்தான் முடியும். அதை உடுத்தவும் முடியாது, சுற்றிக் கட்டத்தான் முடியும். ஒலி கூட்டி வந்த சொல், சாதாரணச் சொல்லைவிடச் சரியான சொல்லாக அமைந்துவிட்டது. 'தேய்கிறது' என்பதும் அப்படியே. 'வாழ்கிறது' என்பதற்கு எதிராக 'வீழ்கிறது' என்றுதான் யாருக்கும் முதலில் வாயில் வரும். வீழ்வது ஒரே நாளில் நடப்பது. தேய்வது நிலவைப்போல, செருப்பைப்போல, தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. புறக்கணிப்பைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வினை இல்லை.

ஆகவே ஒலிக்காகத் தேடுவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. கிடைத்த சொல்லிடம், 'உன் பக்கத்துச் சொல் வேறாக இருந்தாலும் உன்னை நான் இங்கே வைத்திருப்பேனா?' என்று கேட்க வேண்டும். கசக்கியும் தேய்கிறதும் ஆமாம் என்கின்றன. 'சொக்கும்' தலையைக் குனிந்துகொள்கிறது.

பேருந்துக்குள் இரண்டு வரிகள்

இந்த யோசனையோடு ஒருநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது, சிறுவயதிலிருந்து ஆயிரம் முறை படித்த இரண்டு வாசகங்களைப் புதிதாகப் படித்தேன். ஒன்று, 'படியில் பயணம் நொடியில் மரணம்.' இன்னொன்று, 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்.' இரண்டையும் எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை அல்ல என்று அடித்துச் சொல்வேன்.

முதல் வரியில் நாலு சீர். ஒன்றாவதும் மூன்றாவதும் படி, நொடி என்று எதுகை. இரண்டாவதும் நான்காவதும் பயணம், மரணம் என்று இயைபு. படியில், பயணம் என்று மோனை வேறு. இவ்வளவு வேலைப்பாடும் நாலு சொல்லில் இருக்கிறது, ஆனால் ஒரு சொல்லும் கூடுதலாக ஏறவில்லை. படி என்பது இடம். பயணம் என்பது செய்கை. நொடி என்பது நேரம். மரணம் என்பது விளைவு. எதை எடுத்தாலும் எச்சரிக்கை ஊனமாகிவிடும். 'செய்தால்' என்ற சொல்கூட இல்லை, வினையே இல்லாமல் வாக்கியம் நிற்கிறது. இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்தாலே 'இது இதாகும்' என்று தமிழில் பொருள் வந்துவிடும். டேக்லைன் எழுதுகிறவனுக்குத் தமிழ் கொடுத்திருக்கும் பெரிய சலுகை அது. ஆனால் நாம்தான் 'செய்யுங்கள், பெறுங்கள், மகிழுங்கள்' என்று வினையை வால்போல ஒட்டிக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். எதுகை அடுத்தடுத்த சொற்களில் இடிக்கவில்லை. படியில் தொடங்கிய ஒலி, ஒரு சொல் இடைவெளி விட்டு நொடியில் திரும்பி வருகிறது. ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் வரும் இதைப் பொழிப்பு எதுகை என்பார்கள். கொன்றை வேந்தனில் 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்', 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்' எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. இடையில் இருக்கும் சொல், காது மூச்சு வாங்கும் இடம். அந்த இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் போட்டால் நாக்குப் பயிற்சி வாசகம்போல ஆகிவிடும். கேட்பவர் ஒலியைக் கேட்டுச் சிரிப்பார், சொன்ன சேதி காதுக்குள் போகாது.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். கரம், சிரம், புறம். கையைக் கரம் என்றோ தலையைச் சிரம் என்றோ பேருந்தில் யாரும் பேசுவதில்லை. 'கை, தலையை வெளியே நீட்டாதே' என்றுதான் கண்டக்டர் கத்துவார். ஒலிக்காக மூன்று சொற்களும் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. சரி, அது மரியாதை என்று விட்டுவிடலாம். என் சங்கடம் வேறு. நாலாம் வகுப்பு படிக்கும்வரை 'புறம்' என்பது உடம்பின் ஓர் உறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கை, தலை, அப்புறம் புறம். அது எது என்று கேட்க வெட்கம். முதுகாக இருக்குமோ, அதை எப்படி ஜன்னல் வழியாக நீட்டுவார்கள் என்று யோசித்திருக்கிறேன். பின்னாளில் நாலைந்து பேரிடம் சொன்னபோது, இரண்டு பேர் தாங்களும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்கள்.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் என் மக்குத்தனம் மட்டும் இல்லை. ஒரே ஒலியில் முடியும் சொற்களை வரிசையாக வைத்தால், அவை எல்லாம் ஒரே தரத்துச் சொற்கள் என்று காது முடிவு செய்துவிடுகிறது. கரமும் சிரமும் நீட்டப்படுபவை, புறம் நீட்டப்படும் திசை. இலக்கணத்தில் வேறு வேறு நாற்காலியில் உட்காரவேண்டிய சொற்களை ஒலி ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. வரியைத் திருத்தித் திருத்தி எழுதும்போது நாம் இதைக் கவனிப்பதே இல்லை. நமக்குப் பொருள் முன்பே தெரியும், அதனால் ஒலியை மட்டும்தான் சரிபார்க்கிறோம். அதற்குத்தான் இப்போதெல்லாம் எழுதிய வரியை ஒரு சின்னப் பையனிடம் படிக்கச் சொல்லி, 'இதுக்கு என்னடா அர்த்தம்?' என்று கேட்கிறேன். 'நல்லா இருக்கா?' என்று கேட்பதில்லை. நல்லா இருக்கா என்றால் எல்லாருமே நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

மறுபடி செக்கடிக்கு

கூச்சத்தை விட்டு அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டு, காசு வேண்டாம், வேறு வரி தருகிறேன் என்றேன். "இருக்கட்டுங்க, நல்லாத்தான இருக்குது" என்றார். ஆத்தா முகர்ந்து பார்த்ததை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வாங்க" என்றார்.

இந்த முறை காலையிலேயே போய்ச் செக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல் தடவை நான் செய்த வேலை, 'செக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதற்கு எதுகை தேடியது. தேடினால் என்ன கிடைக்கும்? திக்கு, முக்கு, விக்கு, மிக்க, தக்க, பக்குவம், அக்கறை. கடைசிச் சொல்லைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிமெண்ட், சீட்டுக் கம்பெனி எல்லார் பலகையிலும் அக்கறை இருக்கிறது. இப்போது அதற்கு எந்த அர்த்தமும் மிச்சமில்லை. இந்த வழியில் போனால் மறுபடி சொக்குப்பொடிதான்.

அதனால் ஒலியை மறந்துவிட்டு, இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்று என்ன என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டேன். "இங்கதான் ஆட்டுறாங்க, பார்த்துட்டே நிக்கலாம்" என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். செக்கு, கடையின் பின்கட்டில் இல்லை. வாசலைப் பார்த்தபடி, கல்லாவுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. அதை அலங்காரமில்லாமல் ஒரு வரியாக எழுதினேன்: 'உங்கள் கண் முன்னால் எண்ணெய் ஆட்டுகிறோம்.' பிறகு அந்த இடத்தில் காதில் விழும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஆட்டு, எள், கடலை, கொப்பரை, கருப்பட்டி, வாகை, உலக்கை, பிண்ணாக்கு, மண்டி, தெளிவு, வெயில், கண், எதிர், எண்ணெய். வெளியிலிருந்து ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது, இவற்றுக்குள்ளேயே ஜோடி இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் எதுகை இல்லாமலே எழுதிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜோடி அங்கேயேதான் இருந்தது. 'கண் முன்னால்' என்பதைக் 'கண்ணெதிரே' என்று எழுதிய உடனே, எண்ணெயும் கண்ணெதிரேயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எ-ண்-ணெ, க-ண்-ணெ. இரண்டாம் எழுத்து மட்டுமில்லை, மூன்றாம் எழுத்தும் சேர்ந்து ஒன்றுகிறது. கண்ணெதிரே என்பது ஊரில் பேசும் சொல்தான், புத்தகத்திலிருந்து இறக்கியது இல்லை. 'கண்ணெதிரே ஆட்டிய எண்ணெய்' என்று பெரிய எழுத்தில் எழுதி அவரிடம் காட்டினேன். மூன்றே சொல், நடுவில் ஒரு சொல் இடைவெளி. எனக்கு மறுபடி என்மேல் மரியாதை வரத் தொடங்கியது.

கடைக்காரர் இரண்டு முறை படித்தார். "நல்லா இருக்குதுங்க. ஆனா இது நெசமில்லீங்களே" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அகலமான பாத்திரங்களில் எண்ணெய், மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலில் இருந்தது. செக்கிலிருந்து இறங்கியதும் எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாள் வெயில் காட்டி, மண்டி அடியில் இறங்கிய பிறகு, தெளிந்ததை மேலாக எடுத்து ஊற்றினால்தான் விற்கலாம். "இன்னிக்கு அவங்க பார்க்குறது இன்னிக்கு ஆட்டுறதுங்க. வாங்கிட்டுப் போறது முந்தாநாள் ஆட்டுனதுங்க. பாட்டில் மேல கண்ணெதிரே ஆட்டியதுன்னு போட்டா, 'நான் எப்படா பார்த்தேன்'னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள், அதுவும் அந்த ஆத்தா கண்டிப்பாகக் கேட்பார். இரண்டாவது தடவையும் ஒலி என்னை ஏமாற்றியிருக்கிறது. இந்த முறை சொல்லில் இல்லை, இலக்கணத்தில். 'ஆட்டிய' என்ற இறந்தகாலப் பெயரெச்சம், கையிலிருக்கும் இந்தப் பாட்டிலைக் காட்டி ஒரு சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்தைச் செய்ய அவர் தயாராக இல்லை. 'ஆட்டும்' என்று மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் எண்ணெயையே சுட்டுகிறது. அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து சொற்களைத் திருப்பித் திருப்பி வைத்தேன். எண்ணெயைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்தால்? 'எண்ணெய் ஆட்டுவது கண்ணெதிரே.' அதே எதுகை, அதே இடைவெளி. ஆனால் இப்போது வரி எந்தப் பாட்டிலைப் பற்றியும் பேசவில்லை, இந்தக் கடையில் நடக்கும் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆட்டுவது கண்ணெதிரே நடக்கிறது, அது நிஜம். தெளிய வைப்பது மாடியில், அதைப் பற்றி வரி வாயே திறக்கவில்லை.

அவர் வாய்க்குள் மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்தார். கீழே செக்கடியில் நின்றிருந்த பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "செக்கு இங்கயே ஓடுதுன்னு அர்த்தம்" என்றான். "சொக்கும் சுவைங்கறது?" என்று விடாமல் கேட்டேன். அவன் முதலாளியைப் பார்த்துவிட்டு, "அது சும்மாங்க" என்றான்.

போன ஆடியில் அந்தப் பக்கம் போனபோது கடையில் நின்றேன். புது வரி, இந்த முறை தகரப் பலகையில், பெயிண்டர் கையால் எழுதியிருந்தது. 'கண்ணெதிரே'யில் ஒற்றைக்கொம்பு கொஞ்சம் பெரிதாகிப் போயிருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஃப்ளெக்ஸைக் காணோமே என்று கேட்டேன். கொல்லைப்புறத்தைக் காட்டினார். பிண்ணாக்கு மூட்டைகள்மேல் சாரல் படாமல் மூடிக் கட்டியிருந்தார்கள். எழுத்துப் பக்கம் கீழே போகும்படிதான் போட்டிருந்தார்கள், ஆனாலும் ஒரு மூலை காற்றில் மடிந்து, 'சொக்கும்' மட்டும் தலைகீழாக வெளியே தெரிந்தது.